சொற்களில் இருந்த வகுப்பறை அட்டவணையாக மாறிய விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பாசிரியர் ஒருவர் நீண்ட விடுப்பில் செல்வதற்கு முன், தமக்குப் பதிலாக வரும் ஆசிரியருக்கு உதவும் பொருட்டு, மாணவர்கள் எங்கெங்கே அமர்கிறார்கள் என்பதை ஒரு பத்தியாக எழுதிக் கொடுக்கிறார். படம் வரையவில்லை, கட்டமும் போடவில்லை. வகுப்பை நன்கு அறிந்தவர் மனத்தில் காண்பதை அப்படியே சொற்களாக இறக்கி வைத்த பத்தி அது. அதை வரிசையும் நிரலும் கொண்ட அட்டவணையாக மாற்றி, காலி இடங்களையும் குறித்துத் தர வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வேலை. பெயர்கள் ஆய்வுக்காக வைக்கப்பட்டவை. பின்னர் சுட்டிக்காட்ட வசதியாக வாக்கியங்களுக்கு எண் இட்டிருக்கிறேன்.

(1) வகுப்பில் நான்கு வரிசைகள், வரிசைக்கு ஐந்து இடங்கள். (2) கதவு வழியாக உள்ளே வந்தால் கரும்பலகை வலக்கைப் பக்கம் இருக்கும். கதவுக்கு எதிர்ச்சுவர் முழுவதும் சன்னல். (3) மாணவர்கள் 16 பேர், நான்கு இடங்கள் காலி. (4) முதல் வரிசையில் இடது கோடியில் பாரி, வலது கோடியில் கவிதா. (5) பாரிக்குப் பக்கத்தில் மலர், கவிதாவுக்குப் பக்கத்தில் இளங்கோ. மலருக்கும் இளங்கோவுக்கும் நடுவே யாரும் இல்லை. (6) பாரிக்குப் பின்னால் முகில், அவனுக்குப் பின்னால் வளவன், வளவனுக்குப் பின்னால் அலமாரி. (7) முகில் இந்த வாரம் விடுப்பு. (8) இரண்டாம் வரிசையில் சன்னலோரம் நிலா, அவளுக்கு அடுத்து அமுதன், அவனுக்கு அடுத்து செல்வி. அந்த வரிசையில் நான்கு பேர். (9) மூன்றாம் வரிசையின் நடுவில் கதிர், அவனுக்கு வலப்புறம் யாழினி, இடப்புறம் தேன்மொழி. (10) யாழினிக்குப் பக்கத்துச் சன்னலோர இடம் காலி. (11) கடைசி வரிசையின் இரு கோடிகளில் மீராவும் அகிலாவும், நடுவில் ரவியும் எழிலும். (12) மீரா தேன்மொழிக்குப் பின்னால். (13) சன்னல் வரிசையில் மூன்று பேர்தான்.

மேலோட்டமாகப் படித்தால் இது தெளிவான பத்திதான். ஆனால் பேனாவை எடுத்துக் கட்டத்தில் பாரியின் பெயரை எழுதப் போகும்போதே முதல் கேள்வி எழுகிறது: இடது கோடி என்றால் யாருடைய இடது? கரும்பலகையின் முன் நின்று மாணவர்களைப் பார்க்கும் ஆசிரியரின் இடக்கைப் பக்கமும், கரும்பலகையைப் பார்த்து அமர்ந்திருக்கும் மாணவரின் இடக்கைப் பக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்கினால், அட்டவணை முழுவதும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலப் புரண்டுவிட வாய்ப்பு உண்டு. அப்படிப் புரண்ட அட்டவணையில் பக்கத்தில் இருப்பவர் பக்கத்திலேயே இருப்பார், பின்னால் இருப்பவர் பின்னாலேயே இருப்பார்; ஆகவே பார்த்த மாத்திரத்தில் தவறு தெரியாது.

சட்டகமும் திசையும்

எனவே பெயர்களுக்கு முன் சட்டகத்தை வரைய வேண்டும். வாக்கியம் 1 நான்கு வரிசைகளும் ஐந்து நிரல்களும் தருகிறது. மொத்தம் 20 கட்டங்கள். கரும்பலகையைத் தாளின் மேல்பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அப்போது மேல் வரிசையே முதல் வரிசை, தாளைப் படிப்பவர் மாணவரின் பார்வையில் வகுப்பைப் பார்க்கிறார். கதவு எந்தப் பக்கம் என்பதை வாக்கியம் 2 நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் அதிலிருந்து பெறலாம். பக்கச்சுவரில் உள்ள கதவின் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உள்ளே வருபவரின் வலக்கைப் பக்கம் கரும்பலகை இருக்கிறது. அவர் அப்படியே வலப்புறம் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்து நின்றால், முதலில் அவர் முகத்துக்கு எதிரே இருந்த சன்னல் சுவர் இப்போது இடக்கைப் பக்கமும், முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு வலக்கைப் பக்கமும் வந்துவிடும். ஆகவே நம் தாளில் இடப்பக்கம் சன்னல், வலப்பக்கம் கதவு. நிரல்களுக்குச் சன்னலிலிருந்து தொடங்கி 1 முதல் 5 வரை எண் கொடுத்துவிட்டால், இனி இடது வலது என்ற சொற்களே நமக்குத் தேவையில்லை. எல்லாவற்றையும் எண்ணாலேயே சொல்லலாம்.

இப்போது பாரிக்கு வருவோம். எழுதியவர் மாணவரின் பார்வையில் இடது என்று சொன்னதாக முதலில் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாரி முதல் வரிசையில் 1-ஆம் நிரலில், அதாவது சன்னலோரம் அமர்கிறான். வாக்கியம் 6-இன்படி அவனுக்குப் பின்னால் முகில். அவனும் சன்னலோரம், இரண்டாம் வரிசை. ஆனால் வாக்கியம் 8 இரண்டாம் வரிசையின் சன்னலோர இடத்தை நிலாவுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே இருக்கையில் இருவர் என்ற முரண்பாடு வந்துவிட்டதால் நாம் எடுத்துக்கொண்ட பார்வை தவறு. எழுதியவர் கரும்பலகையின் முன் நின்று, வகுப்பைத் தாம் அன்றாடம் பார்க்கும் விதத்திலேயே இடது வலது சொல்லியிருக்கிறார். அவருடைய இடது கதவுப் பக்கம். எனவே பாரிக்கு 5-ஆம் நிரல், கவிதாவுக்கு 1-ஆம் நிரல்.

இந்த முடிவு எந்த வாக்கியத்தால் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தியில் உள்ள பெரும்பாலான வாக்கியங்கள் ஒரு மாணவரை இன்னொரு மாணவரோடு மட்டுமே இணைக்கின்றன. அவை எத்தனை இருந்தாலும் அட்டவணையை அறையோடு பொருத்தாது. அறையில் அசையாமல் நிற்கும் ஒன்றைச் சொல்லும் வாக்கியங்களே, இங்கே சன்னலைச் சொல்லும் 8, 10, 13 ஆகிய மூன்றுமே, பார்வையைத் தீர்மானிக்க உதவக்கூடியவை. அவற்றிலும் 13-ஆம் வாக்கியம் இதற்கு உதவாது. அது ஏன் என்பதைச் சரிபார்க்கும் இடத்தில் விரிவாகப் பார்ப்போம். இத்தகைய பத்தியைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது கதவு, சன்னல், அலமாரி, மேசை போன்ற சொற்களைத்தான். ஒன்றுமே கிடைக்காவிட்டால், எவ்வளவு கவனமாக அட்டவணை போட்டாலும் அது இரண்டு அட்டவணைகளில் ஒன்றாகவே இருக்கும். எழுதியவரிடம் கேட்காமல் எது என்று சொல்ல முடியாது.

தெரியாத கட்டமும் காலிக் கட்டமும்

திசை உறுதியானதும், வேறு எவரையும் சார்ந்திராமல் தாமாகவே இடம் பெறுபவர்களை முதலில் எழுதலாம். கவிதாவும் பாரியும் கோடிகளில், நிலா சன்னலோரம், கதிர் மூன்றாம் வரிசையின் நடுவில். பாரியின் நிரலில் பின்னோக்கிச் சென்றால் முகில், வளவன், அதற்குப் பின் அலமாரி. அலமாரி நிற்கும் கட்டத்தில் இருக்கை என்ற ஒன்றே கிடையாது. இந்த நிலையில் அட்டவணை இப்படி இருக்கும்.

கரும்பலகை மேலே, இடப்பக்கம் சன்னல், வலப்பக்கம் கதவு

| வரிசை | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| 1 | கவிதா | தெரியாது | தெரியாது | தெரியாது | பாரி |
| 2 | நிலா | தெரியாது | தெரியாது | தெரியாது | முகில் |
| 3 | தெரியாது | தெரியாது | கதிர் | தெரியாது | வளவன் |
| 4 | தெரியாது | தெரியாது | தெரியாது | தெரியாது | இருக்கை இல்லை |

ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை என்பதே இந்த அட்டவணையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி. இப்படிப்பட்ட வேலையில் மிகுதியான பிழைகள் வெறுங்கட்டத்திலிருந்துதான் பிறக்கின்றன. வெறுங்கட்டம் ஒன்றைப் பார்ப்பவர் அங்கே நாற்காலி இருக்கிறது ஆனால் ஆள் இல்லை என்று கொள்ளலாம். அங்கே நாற்காலியே இல்லை என்று கொள்ளலாம். அட்டவணை போட்டவர் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை என்றும் கொள்ளலாம். மூன்றும் வெவ்வேறு செய்திகள். புதிதாக ஒரு மாணவர் வந்து சேரும்போது முதல் பொருளில் அவரை அங்கே அமர்த்தலாம், இரண்டாம் பொருளில் முடியாது, மூன்றாம் பொருளில் அங்கே ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அதனால் காலி என்பதை ஒரு பெயரைப்போலவே சான்றோடு எழுத வேண்டும். பெயர்களையெல்லாம் நிரப்பிய பிறகு மிஞ்சியதெல்லாம் காலி என்று விட்டுவிடுவது, தவறவிட்ட பெயர் ஒவ்வொன்றையும் ஒரு காலி இருக்கையாக மாற்றிவிடும்.

இந்த இடைநிலை அட்டவணையே இன்னொரு செய்தியையும் சொல்கிறது. தெரியாத கட்டங்கள் 13. இதுவரை இடம் பெற்ற மாணவர்கள் ஆறு பேர். மீதி பத்துப் பேர். அப்படியானால் காலி இருக்கைகள் மூன்றாகத்தான் இருக்க முடியும். வாக்கியம் 3 நான்கு என்கிறது. இந்த வேறுபாட்டை இப்போதே குறித்துக்கொண்டு, தீர்வைப் பின்னுக்கு வைப்பது நல்லது. எண்ணிக்கையைப் பொருத்த வேண்டும் என்ற அவசரத்தில் இல்லாத ஒரு காலி இடத்தைத் தேடத் தொடங்கினால் சரியாக அமர்ந்திருப்பவர் இடம் பெயர்ந்துவிடுவார்.

மூன்று காலி இடங்கள், மூன்று விதமான சான்றுகள்

வாக்கியம் 5 மலரைப் பாரிக்குப் பக்கத்திலும் இளங்கோவைக் கவிதாவுக்குப் பக்கத்திலும் வைக்கிறது. பாரியும் கவிதாவும் கோடிகளில் இருப்பதால் ஒவ்வொருவருக்கும் பக்கத்து இடம் ஒன்றுதான். மலர் 4-இலும் இளங்கோ 2-இலும் அமைந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் "நடுவே யாரும் இல்லை" என்பது பேச்சிலும் எழுத்திலும் இரண்டு விதமாகக் கொள்ளத்தக்கது. இருவரும் ஒட்டி அமர்ந்திருக்கிறார்கள், குறுக்கே ஆள் இல்லை என்பது ஒன்று. இருவருக்கும் நடுவே ஓர் இருக்கை இருக்கிறது, அதில் ஆள் இல்லை என்பது மற்றொன்று. வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க இயலாது. வரிசையின் நீளம்தான் தீர்க்கிறது: 2-க்கும் 4-க்கும் நடுவே 3 என்ற இருக்கை உண்டு, ஆகவே இரண்டாவது பொருளே சரி, முதல் வரிசையின் நடு இருக்கை காலி. வரிசைக்கு நான்கு இடங்கள் என்றிருந்தால் இதே வாக்கியம் காலி இடம் எதையும் தராமல் போயிருக்கும்.

இரண்டாம் வரிசையின் காலி இடத்தைப் பத்தி எங்குமே சொல்லவில்லை. நிலா 1-இல், அவளுக்கு அடுத்து அமுதன் 2-இல். அமுதனுக்கு இரு பக்கமும் இடம் உண்டு என்றாலும் ஒரு பக்கம் நிலா இருப்பதால் செல்விக்கு 3 மட்டுமே மிச்சம். முகில் 5-இல் இருக்கிறான். எஞ்சியது 4. அந்த வரிசையில் நான்கு பேர் என்று வாக்கியம் முடிவதால் 4 காலி என்று எழுதத் தோன்றும். ஆனால் இங்கே சற்று நிற்க வேண்டும். முகில் இந்த வாரம் விடுப்பு என்று முந்தைய வாக்கியம் சொல்கிறது. நான்கு பேர் என்ற எண்ணிக்கையில் அவன் சேர்த்தியா, இல்லையா? சேர்த்தி இல்லை என்றால் 4-ஆம் இடத்தில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். இதை உறுதி செய்யப் பெயர்ப் பட்டியலை எண்ண வேண்டியிருக்கிறது. பத்தியில் வரும் வெவ்வேறு பெயர்கள், முகிலையும் சேர்த்து, சரியாக 16. மற்றவர்கள் எல்லாருக்கும் வேறு வரிசைகளில் இடம் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாம் வரிசைக்கு அனுப்ப எவரும் மிச்சம் இல்லை. ஆகவே நான்கில் முகிலும் ஒருவன், 4-ஆம் இடம் காலி.

முகிலின் இருக்கையைக் காலி என்று குறிக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. இருக்கை அட்டவணை சொல்வது யாருக்கு எந்த இடம் என்பதை. இன்று யார் வந்திருக்கிறார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால், ஒரு வாரம் கழித்துத் திரும்பும் மாணவன் தன் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பதைக் காண நேரிடும். விடுப்பைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பாகச் சொல்லலாம்.

மூன்றாவது காலி இடம் வெளிப்படையானது. யாழினிக்குப் பக்கத்துச் சன்னலோர இடம் காலி என்று வாக்கியம் 10 சொல்லிவிடுகிறது. அதனால் யாழினி 2-இல், காலி இடம் 1-இல். இதே வாக்கியம் இன்னோர் ஐயத்தையும் நீக்குகிறது. வாக்கியம் 9-இல் "அவனுக்கு வலப்புறம்" என்று வருகிறது. எழுதியவர் இதுவரை தம் பார்வையில் இடது வலது சொல்லி வந்தார் என்பது உண்மை. ஆனால் ஒரு மாணவரைச் சார்ந்து சொல்லும்போது பலர் தம்மை அறியாமலேயே அந்த மாணவரின் கைப்பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். கதிரின் சொந்த வலக்கை என்றால் யாழினி 4-இல் இருக்க வேண்டும். அப்போது அவளுக்குப் பக்கத்தில் சன்னலோர இடம் இருக்க முடியாது. ஆகவே இங்கும் எழுதியவரின் பார்வையே தொடர்கிறது, தேன்மொழி 4-இல். திசையை ஒருமுறை தீர்மானித்துவிட்டோம் என்று நிம்மதி அடையாமல், இடது வலது வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே உறுதி செய்ய வேண்டியது இதனால்தான்.

பத்தி தீர்மானிக்காத இரு கட்டங்கள்

கடைசி வரிசையில் இருக்கைகள் நான்குதான், ஏனெனில் 5-ஆம் நிரலில் அலமாரி. எனவே அந்த வரிசையின் கோடிகள் 1-உம் 4-உம். தட்டச்சு செய்யும்போது கை பழக்கத்தில் கோடி என்றதும் 5-க்குச் சென்றுவிடும். நான்கு பெயர்களையும் வரிசையின் நடுவில் அழகாகப் பரப்பி வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் நிரல் பிசகி, யாருக்குப் பின்னால் யார் என்ற உறவு அறுந்துபோகும். அலமாரிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் இருக்கை இல்லை என்று எழுதி வைத்ததன் பயன் இங்கே தெரிகிறது. மீரா தேன்மொழிக்குப் பின்னால் என்பதால் மீரா 4-இல். அகிலா மறு கோடியான 1-இல்.

ரவியும் எழிலும் 2, 3 ஆகிய இடங்களில் இருக்கிறார்கள். ஆனால் யார் எதில் என்பதற்குப் பத்தியில் சான்று இல்லை. ரவியின் பெயர் முதலில் வருகிறது என்பதால் அவனை முதலில் வைக்கலாமா என்றால், எந்தப் பக்கத்திலிருந்து முதல் என்ற கேள்விக்கு விடை இல்லை. இதே வாக்கியத்தில் மீராவையும் அகிலாவையும் சொன்ன வரிசை கதவிலிருந்து சன்னலை நோக்கிச் செல்கிறது, ஆகவே ரவியும் கதவுக்கு அருகே இருக்கலாம் என்று ஊகிக்கலாம். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகத்தை அட்டவணையில் பெயராக எழுதிவிட்டால், படிப்பவருக்கு அது மற்றப் பெயர்களைப்போலவே உறுதியானதாகத் தெரியும். எனவே இரண்டு கட்டங்களிலும் இருவர் பெயரையும் எழுதி வைத்தேன்.

| வரிசை | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| 1 | கவிதா | இளங்கோ | காலி | மலர் | பாரி |
| 2 | நிலா | அமுதன் | செல்வி | காலி | முகில் |
| 3 | காலி | யாழினி | கதிர் | தேன்மொழி | வளவன் |
| 4 | அகிலா | ரவி அல்லது எழில் | ரவி அல்லது எழில் | மீரா | இருக்கை இல்லை |

எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் நன்றாக அமைக்க வேண்டும். ரவி வலப்புறமா இடப்புறமா என்று கேட்டால் பழைய சிக்கல் மீண்டும் வரும். அவர் எந்தப் பார்வையில் விடை தந்தார் என்று இன்னொரு முறை கேட்க நேரிடும். யாழினிக்கு நேர் பின்னால் அமர்வது யார் என்று கேட்டால் விடை ஒரு பெயர். அதில் திசைக்கு இடமே இல்லை. விடை எழில் என்று வந்தது. ஆகவே எழில் 2-இல், ரவி 3-இல்.

நான்கா, மூன்றா

காலி இடங்கள் நான்கு என்ற கூற்று எப்படி வந்திருக்கும் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் பொருந்துகின்றன. நான்கு வரிசைகளை ஐந்தால் பெருக்கி, வரும் 20-இலிருந்து 16-ஐக் கழித்தால் நான்கு வரும். அதில் அலமாரி நிற்கும் இடமும் காலியாக எண்ணப்பட்டுவிடுகிறது. அல்லது இந்த வாரம் வகுப்பை நோக்கியவர் கண்ணுக்கு முகிலின் இருக்கையும் சேர்ந்து நான்கு நாற்காலிகள் வெறுமையாகத் தெரிந்திருக்கலாம். இரண்டு விளக்கங்களிலும் ஒருவருடைய இடமும் மாறுவதில்லை. மாறுவது காலி என்ற சொல்லுக்குள் எதை அடக்கினார் என்பது மட்டுமே. அதனால் அட்டவணையில் எதையும் திருத்தாமல், காலி இருக்கைகள் மூன்று, பத்தியில் சொன்ன நான்கு என்ற எண் இதனோடு ஒத்துப்போகவில்லை என்று கீழே குறிப்பு எழுதினால் போதும். மூலத்தில் உள்ள எண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றி எழுதுவதை நான் ஏற்பதில்லை. பத்தியையும் அட்டவணையையும் பிறகு ஒப்பிடுபவர், எதில் தவறு என்று தெரியாமல் திகைப்பார்.

சரிபார்த்தல்

அட்டவணையை விரிதாளில் போடுபவர்கள் எண்ணிக்கையைச் சூத்திரங்களாலேயே சரிபார்க்கலாம். வரிசை எண்கள் `A` நிரலிலும், பெயர்கள் `B2` முதல் `F5` வரையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால் இந்த நான்கும் போதும்.

```
=COUNTA(B2:F5)
=COUNTBLANK(B2:F5)
=COUNTIF(B2:F5,"காலி")
=COUNTIF(B2:F5,"இருக்கை இல்லை")
```

விடைகள் முறையே 20, 0, 3, 1 என வர வேண்டும். 20-இலிருந்து 3-ஐயும் 1-ஐயும் கழித்தால் 16. மாணவர் எண்ணிக்கையோடு பொருந்துகிறது. இரண்டாவது சூத்திரம் சுழியம் தருவதே, ஒரு கட்டமும் எதுவும் எழுதப்படாமல் விடுபடவில்லை என்பதற்குச் சான்று. காலி இடத்தை வண்ணம் பூசி மட்டும் காட்டினால் இந்தச் சூத்திரங்கள் அதைக் காணா. காலி என்ற சொல்லுக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் மூன்றாவது சூத்திரம் அந்தக் கட்டத்தை எண்ணாது. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தெரியாத கட்டத்துக்கு `?` குறியை இடுவது பலருக்குப் பழக்கம். ஆனால் `COUNTIF` அந்தக் குறியை ஏதேனும் ஓர் எழுத்து என்றே பொருள் கொள்ளும். அந்தக் குறியையே எண்ண வேண்டுமானால் `"~?"` என்று எழுத வேண்டும். சொல்லாகவே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணிக்கை பொருந்துவதால் இடங்கள் சரி என்று ஆகிவிடாது. இரண்டு பெயர்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தாலும் நான்கு விடைகளும் அப்படியேதான் இருக்கும். எனவே பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிந்த அட்டவணையில் வைத்து மறுபடியும் வாசித்துப் பார்க்க வேண்டும். அதிலும், அட்டவணையைக் கட்டப் பயன்படுத்திய வாக்கியங்களைவிட, பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்த வாக்கியத்துக்குத்தான் மதிப்பு அதிகம். இங்கே அப்படி எஞ்சியது வாக்கியம் 13. சன்னல் வரிசை என்று அது சொல்வது முன்னிருந்து பின்னோக்கிச் செல்லும் 1-ஆம் நிரலை. கவிதா, நிலா, அகிலா என்று மூன்று பேர் இருக்கிறார்கள். பொருந்துகிறது.

ஆனால் அந்தப் பொருத்தம் எதை நிறுவுகிறது என்று கேட்க வேண்டும். இடது வலதைத் தவறான பார்வையில் கொண்டு அட்டவணை முழுவதும் புரண்டிருந்தால், சன்னல் பக்கம் வந்திருக்கும் நிரல் பாரி, முகில், வளவன், அலமாரி என்பது. அதிலும் மூன்று பேர்தான். சரியான அட்டவணையும் புரண்ட அட்டவணையும் ஒருங்கே நிறைவு செய்யும் ஒரு வாக்கியம், இரண்டில் எது சரி என்பதற்குச் சான்றாக முடியாது. நிலாவைச் சன்னலோரம் வைக்கும் வாக்கியம் 8-உம், யாழினியைச் சன்னலோர இடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் வாக்கியம் 10-உம் புரண்ட அட்டவணையில் உடைந்துபோகும். திசையைச் சோதிக்க அவைதான் தகுதியானவை. ஒரு வாக்கியம் சரிபார்க்கப் பயன்படுமா என்பதை அறிய, நாம் அஞ்சும் தவறு நடந்திருந்தால் அந்த வாக்கியம் பொய்யாகுமா என்று பார்த்தாலே போதும்.

ஆசிரியரின் பார்வைக்குத் திருப்புதல்

பதிலாக வரும் ஆசிரியர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாணவர்களைப் பார்த்தே நிற்பார். அவருக்கு மேலே உள்ள அட்டவணை தலைகீழாக இருக்கும். தாளையே அரைச் சுற்றுச் சுற்றிப் பிடிக்கலாம், ஆனால் பெயர்களும் தலைகீழாகிவிடும். ஆகவே அவருக்காக இன்னொரு வடிவம் தேவைப்படுகிறது: கடைசி வரிசை மேலே, முதல் வரிசை கீழே, கதவு இடப்பக்கம், சன்னல் வலப்பக்கம். வரிசை எண்ணும் நிரல் எண்ணும் அவரவர் இருக்கையோடு அப்படியே தொடர்கின்றன. புதிய எண் எதுவும் கொடுக்கவில்லை.

| வரிசை | 5 | 4 | 3 | 2 | 1 |
|---|---|---|---|---|---|
| 4 | இருக்கை இல்லை | மீரா | ரவி | எழில் | அகிலா |
| 3 | வளவன் | தேன்மொழி | கதிர் | யாழினி | காலி |
| 2 | முகில் | காலி | செல்வி | அமுதன் | நிலா |
| 1 | பாரி | மலர் | காலி | இளங்கோ | கவிதா |

இப்படித் திருப்பும்போது வரிசைகளின் ஒழுங்கையும் நிரல்களின் ஒழுங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விரிதாளில் வரிசைகளை மட்டும் கீழிருந்து மேலாக அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவது எளிதில் நேரும் பிழை. அதன் விளைவு, தொடக்கத்தில் நாம் தவிர்த்த அதே புரண்ட அட்டவணை. பெயர்களும் காலி இடங்களின் எண்ணிக்கையும் சரியாகவே இருப்பதால் சூத்திரங்கள் எச்சரிக்காது. இதைக் கண்டுபிடிக்க முழு அட்டவணையையும் ஒப்பிட வேண்டியதில்லை. முதல் வரிசையின் ஒரு கோடியில் இருப்பவரைப் பார்த்தால் போதும்: பாரியின் பெயர் கதவுப் பக்கம் இருந்தால் திருப்பியது சரி, சன்னல் பக்கம் இருந்தால் பாதி மட்டுமே திருப்பப்பட்டிருக்கிறது. முதல் வரிசையின் நடுவில் உள்ள காலி இடத்தை வைத்து இதைச் சோதிக்க முடியாது. நடு நிரல் எப்படித் திருப்பினாலும் நடுவிலேயே நிற்கும். கதவு, சன்னல், கரும்பலகை ஆகிய மூன்றையும் இரண்டு வடிவங்களின் ஓரத்திலும் எழுதி வைத்தால், தாளைக் கையில் எடுப்பவர் தாம் நிற்கும் இடத்திலிருந்தே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.